பாதி மெத்தைகூட எரியவில்லை, வீடு முழுக்க விஷப்புகை. எஃப்.ஆர். என்கிற தீத்தடுப்புத் திரை போட்டால் தீருமா?

செந்தூல் மாதவி

எல்லோருக்கும் வணக்கம். போன மாதம் எங்கள் பிளாட்டில், எனக்கு மூன்று மாடி மேலே ஒரு வீட்டில் தீ. அவர்கள் வீட்டில் சாமி மேடை அறை ஜன்னலை ஒட்டி இருக்கிறது. காமாட்சி விளக்கு எரிந்துகொண்டிருந்தபோது காற்றுக்குத் திரை பறந்து விளக்கில் பட்டிருக்கிறது. அது உருகிக் கீழே கிடந்த ஒற்றை மெத்தையில் சொட்டியது என்று சொல்கிறார்கள். அறைக்கதவு திறந்து இருந்தது. ஹாலைத் தாண்டி அடுத்த அறையில் படுத்திருந்த தாத்தாவைத் தூக்கிக்கொண்டு வரும்போது அவருக்கு நினைவில்லை. நல்லவேளை, இப்போது தேறிவிட்டார்.

எனக்குப் புரியாதது இதுதான். பொம்பா தீயணைப்பு வீரர்கள் போனபிறகு நான் உள்ளே போய்ப் பார்த்தேன். மெத்தையில் ஒரு பக்கம் மட்டும்தான் எரிந்திருந்தது, பாதிகூட இல்லை. கட்டில், அலமாரி எல்லாம் நின்றபடி நிற்கிறது. ஆனால் கூரையிலிருந்து இடுப்பு உயரம் வரை எல்லா அறையிலும் சுவர் கறுப்பு. ஃபிரிட்ஜ் கதவில் விரலால் எழுதலாம் போல கரி. இவ்வளவு சின்னத் தீக்கு இவ்வளவு புகையா?

இப்போது ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மான் பக்கம் ஒரு திரைக்கடையில் எஃப்.ஆர். துணி காட்டினார்கள், 'தீப்பிடிக்காது' என்றார்கள். விலை கிட்டத்தட்ட இரட்டிப்பு. வாங்கலாமா?

ரப்பர்தோட்டத்து ராஜா

அக்கா, திரையில் காசு போடாதீங்க. பிரச்சினை மெத்தையில்தான். ஸ்பாஞ்சு மெத்தை பெட்ரோலில் செய்த சரக்கு, அதனால் விஷப்புகை. நம்ம நாட்டு இயற்கை லேடெக்ஸ் மெத்தை வாங்குங்க. மரத்துப் பால், அதில் விஷமே கிடையாது. என் வீட்டில் நாலு அறைக்கும் அதுதான்.

மஸ்ஜித் இந்தியா 7

புகை வாடை போக ஒரு வாளித் தண்ணீரில் வினிகர் கலந்து சுவரைத் துடைக்கச் சொல்லுங்கள். மெத்தைக்கு சோடா உப்பு தூவி இரண்டு நாள் வெயிலில் போட்டால் போதும். நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

பட்டர்வொர்த் பழைய தொப்பி

வாடையைப் பற்றி யாரும் கேட்கவில்லை தம்பி. அப்புறம், எரிந்த மெத்தையை வெயிலில் போட்டுத் திரும்பப் படுக்கிற யோசனை வேண்டாம். உள்ளே கனல் இருந்தால் மறுபடி பற்றும், கரியும் போகாது.

தீயணைப்புப் பணியில் இருந்து ஓய்வு பெற்று நாளாகிவிட்டது, ஆனால் மாதவி சொன்ன வீட்டைப் போல நிறையப் பார்த்திருக்கிறேன். சுவரில் கறுப்புக் கோடு இடுப்பு உயரத்தில் நிற்கிறது என்றார் பாருங்கள், அதுதான் முக்கியம். சூடான புகை முதலில் கூரைக்குப் போகும். அங்கே இடம் நிறைந்ததும் வாசல் நிலைக்கு மேலாக வழிந்து அடுத்த அறைக்குப் போகும். அங்கும் நிறைந்து கீழே இறங்கும். கோடு எங்கே நிற்கிறதோ அதுவரை அடர்ந்த புகை இறங்கியிருக்கிறது. நின்றவர் மூக்கு அதற்குள். கட்டிலில் படுத்திருப்பவர் முகம் அந்தக் கோட்டுக்குக் கீழே என்றாலும், கோட்டுக்குக் கீழே காற்று சுத்தமாக இருக்கும் என்று அர்த்தமில்லை.

வேகத்தைப் பற்றி ஒன்று. அமெரிக்காவில் ஒரே அளவு அறைகளைப் பக்கத்தில் பக்கத்தில் கட்டி, ஒன்றில் பழைய காலத்துப் பஞ்சு, மரச் சாமான், இன்னொன்றில் இன்றைய நுரை சோபா, பாலியஸ்டர் திரை வைத்து எரித்துப் பார்த்தார்கள். பழைய அறை முழுவதும் தீக்குள் போக சுமார் அரைமணி நேரம் ஆனது. புதிய அறைக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. நாங்கள் வண்டியை எடுத்து வீட்டுக்கு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

ராஜா, உங்கள் பேச்சில் பாதி சரி. மெத்தைதான் எரிபொருள். ஆனால் லேடெக்ஸ் எரிந்தால் விஷமில்லை என்று யார் சொன்னது? டயர் எரிவதைப் பார்த்ததில்லையா?

ரப்பர்தோட்டத்து ராஜா

டயரில் கெமிக்கல் கலக்கிறார்கள் அண்ணே. மெத்தையில் கலப்பதில்லை.

பிறை நுரைக்காரன்

கலக்கிறார்கள் ஐயா. ரப்பர் பாலைச் சும்மா காய வைத்தால் மெத்தை ஆகாது, கந்தகம் சேர்த்து வேக வைத்தால்தான் உறுதி வரும். அது எரியும்போது கந்தக டை ஆக்சைடு வரும், கண்ணும் தொண்டையும் எரியும். நல்ல சூட்டோடு கறுப்புப் புகையும் விடும். ஒரு விஷயத்தில் மட்டும் ராஜா பக்கம் நியாயம் உண்டு. லேடெக்ஸில் நைட்ரஜன் குறைவு, அதனால் சயனைடு வாயு குறைவாக வரும். கார்பன் மோனாக்சைடு மட்டும் குறையாது.

நான் பிறையில் மெத்தைக்கான நுரை ஊற்றும் ஆலையில் இருக்கிறேன், மாதவி அக்கா கேள்விக்கு என் பக்கத்திலிருந்து சொல்கிறேன். பாலியூரித்தேன் நுரையில் இரண்டு திரவம் சேரும். ஒன்று பாலியால், எண்ணெய் போன்றது. இன்னொன்று ஐசோசயனேட், நைட்ரஜன் இருப்பது இதில்தான். இரண்டும் சேர்ந்து பொங்கிப் பெரிய பாளமாக எழும். அந்தப் பாளத்தின் நடுவில் சூடு 150 டிகிரியைத் தாண்டும், பிறகு பல மணி நேரம் உள்ளேயே நிற்கும். நுரை அவ்வளவு நல்ல காப்பான், சூட்டை வெளியே விடாது. கலவை அளவு கொஞ்சம் தப்பினால் நடுவில் தானாகவே கருகி, சில சமயம் பற்றியும்விடும். அதனால்தான் புதுப் பாளங்களை ஒட்டி அடுக்காமல் இடைவெளி விட்டு ஒரு இரவு தனியாக வைத்துக் கண்காணிப்போம். ஆலை ஆட்கள் மெத்தையை மரியாதையோடு பார்ப்பதற்குக் காரணம் இதுதான்.

அதே குணம்தான் வீட்டிலும் வில்லன். நுரையின் மேல்தோலில் ஒரு பொறி பட்டால் சூடு உள்ளே போகாமல் மேலேயே நிற்கிறது, அந்த இடம் சட்டென்று எரிநிலைக்கு வருகிறது. மரக்கட்டை அப்படி இல்லை, சூட்டை உள்ளே இழுத்துக்கொள்ளும். நுரையில் இன்னொன்றும் உண்டு, கன அளவில் கொஞ்சம்தான் பொருள், மீதி எல்லாம் காற்று. ஒவ்வொரு சின்னக் கண்ணறைச் சுவருக்கும் பக்கத்திலேயே காற்று இருக்கிறது.

300 டிகிரியைச் சுற்றி நுரை இரண்டாகப் பிரியும். ஐசோசயனேட் பக்கம் மஞ்சள் புகையாக மேலே போகும். பாலியால் பக்கம் மறுபடி திரவமாகிச் சொட்டும். கட்டிலுக்குக் கீழே அது குட்டையாகத் தேங்கி எரிந்தால், மெத்தைக்கு அடியிலிருந்து அடுப்பு வைத்த மாதிரி. மேலே போன மஞ்சள் புகை தீயின் அதிகச் சூட்டில் உடையும்போதுதான் ஹைட்ரஜன் சயனைடு உருவாகிறது.

செந்தூல் மாதவி

அதுதான் புரியவில்லை. மெத்தை எவ்வளவு எரிந்தால் ஒரு ஆளை விழவைக்கும்? நான் பார்த்தது ஒரு மூலைதான்.

பிறை நுரைக்காரன்

கணக்கு போடலாம், கைக்கணக்குதான். ஒற்றை மெத்தை 190 நீளம், 90 அகலம், 15 சென்டிமீட்டர் கனம் என்று வைத்தால், கால் கன மீட்டருக்குச் சற்று மேல். சாதா நுரை ஒரு கன மீட்டருக்கு 25 கிலோ. ஆக மெத்தை சுமார் ஆறரை கிலோ. அதில் ஒரு கிலோ என்பது ஆறில் ஒரு பங்கு, அதாவது தலையணை வைக்கும் பகுதி அளவு.

அறை மூன்று மீட்டருக்கு மூன்று, உயரம் 2.6. மொத்தம் 23 கன மீட்டர். அதில் உள்ள காற்று 28 கிலோ, ஆக்ஸிஜன் ஆறரை கிலோவுக்குள். ஒரு கிலோ நுரை எரிய ஏறக்குறைய 2 கிலோ ஆக்ஸிஜன் வேண்டும். ஆக அறை மூடியிருந்தால் 21 சதவீதம் ஆக்ஸிஜன் 15க்கு இறங்கும். இங்கே தீ திணற ஆரம்பிக்கும். திணறும் தீ அரைகுறையாகத்தான் எரியும். அரைகுறையாக எரியும்போது கார்பன் மோனாக்சைடும் சயனைடும் பல மடங்கு கூடும். நல்ல காற்றில் எரிந்தால் இவ்வளவு வராது.

அந்த ஒரு கிலோவிலிருந்து 5 கிராம் சயனைடு வாயுவும் 100 கிராம் கார்பன் மோனாக்சைடும் வந்தால் (நடக்கக்கூடிய அளவுதான், நுரைக்கு நுரை மாறும்), அந்த அறைக் காற்றில் பத்து லட்சத்தில் சுமார் 200 பங்கு சயனைடு, 3,500க்கு மேல் மோனாக்சைடு. சயனைடு மட்டுமே இந்த அளவில் சில நிமிடங்களில் ஆளைக் கீழே சாய்க்கும். நீங்கள் பார்த்த மூலை, ஒரு கிலோவுக்கு மேல் இருந்திருக்கலாம்.

மாடியில் கதவு திறந்திருந்தது, ஆகவே புகை மூன்று அறைக்குப் பிரிந்து நீர்த்திருக்கும். ஆனால் புதுக் காற்று உள்ளே வந்ததால் தீயும் தொடர்ந்து எரிந்திருக்கும். தாத்தா பிழைத்தது எது கூடுதலாக இருந்தது என்பதைப் பொறுத்தது.

பட்டர்வொர்த் பழைய தொப்பி

இதில் ஒன்று சேர்க்கிறேன். மோனாக்சைடு இரத்தத்தில் ஆக்ஸிஜனின் இடத்தைப் பிடிக்கிறது. சயனைடு அப்படியில்லை, இரத்தம் கொண்டுவந்த ஆக்ஸிஜனை உடம்புத் திசு பயன்படுத்த விடாமல் செய்கிறது. இரண்டும் சேர்ந்தால் ஒன்று வழியை அடைக்கும், இன்னொன்று வந்ததையும் வீணாக்கும். சயனைடு முதலில் மூச்சை வேகப்படுத்தும். ஆள் அதிக மூச்சு வாங்குவார், அதிகம் உள்ளே போகும். பிறகு சட்டென்று கால் போய்விடும். 'வாசல் வரைக்கும் வந்து விழுந்து கிடந்தார்' என்று நாங்கள் எழுதின அறிக்கைகள் ஏராளம். எழுந்து நடக்கத் தெம்பு இருந்திருக்கிறது, கதவின் தாழ்ப்பாளை இழுக்கத்தான் இல்லை.

ராஜாவுக்கும் ஒரு வார்த்தை, இயற்கைப் பொருள் என்றாலே ஆபத்தில்லை என்று ஆகாது. இலவம்பஞ்சு மெத்தைக் காலம் பொற்காலம் இல்லை. அது புகைந்துகொண்டே இருக்கும், நாங்கள் தண்ணீர் அடித்து வெளியே போட்டாலும் நடுவில் கனல் உயிரோடு இருக்கும். கம்பத்து வீட்டு வாசலில் இரவு போட்ட மெத்தை காலையில் மறுபடி எரிந்திருக்கிறது. ஆனால் அதில் நேரம் கிடைத்தது. நுரையில் கிடைக்காதது அதுதான்.

ஜார்ஜ்டவுன் கண்ணன்

நானும் கேட்கிறேன். லெபுச் சூலியா பக்கம் பழைய கடைவீட்டில் சின்ன ஹோம்ஸ்டே நடத்துகிறேன், மாடி முழுக்க மரத்தரை. மூன்று வருடம் முன்பு பருத்தி எஃப்.ஆர். திரை வாங்கினேன், சான்றிதழ் தந்தார்கள். ஒவ்வொரு விருந்தினர் போனதும் லாண்டரிக்குப் போடுவேன். சரிதானே?

ஊசிநூல் சரோஜா

கண்ணன் தம்பி, அங்கேதான் ஓட்டை. நான் திரை தைக்கிறவள், முப்பது வருடமாகத் துணியோடு புரள்கிறேன். எஃப்.ஆர். திரை இரண்டு வகை. ஒன்று, பருத்தியில் உப்பு மாதிரி மருந்து தெளித்து உலர்த்தியது. தண்ணீரில் கரையும், ஒன்றிரண்டு சலவையிலேயே தூரப் போய்விடும். இன்னொன்று, இழை செய்யும்போதே பாலியஸ்டருக்குள் கோர்த்தது. துணி கிழியும் வரை குணம் இருக்கும். பருத்தியிலேயே நெடுநாள் நிற்கும் பக்குவமும் உண்டு, ஆனால் அதையும் சலவைக்குத் தகுந்த மாதிரிதான் பராமரிக்க வேண்டும்.

சான்றிதழில் பிஎஸ் 5867 என்ற பிரிட்டிஷ் தரக் குறி இருந்தால் அதோடு ஏ, பி, சி என்று எழுத்து இருக்கும். பி என்றால் 12 சலவைக்குப் பிறகு சோதித்தது, சி என்றால் 50 சலவைக்குப் பிறகு. உங்களுடைய சலவைக் கணக்கைப் பாருங்கள். வாடை வர ஊற்றுகிற மென்மையாக்கி திரவமும் வேண்டாம், அது நூலில் கொழுப்பு போலப் படிந்து எரிய உதவும்.

ஜார்ஜ்டவுன் கண்ணன்

சான்றிதழில் 'ஏ' என்று இருக்கிறது. லாண்டரிக்காரர் மென்மையாக்கி ஊற்றாமல் துணி தரவே மாட்டார்!

ஊசிநூல் சரோஜா

அப்போது அதைச் சோதித்துப் பாருங்கள். ஓரத்தில் மடித்துத் தைத்த இடத்தில் விரல் நீளத் துண்டு வெட்டி, வெளியே, பக்கத்தில் தண்ணீர் வாளியோடு, இடுக்கியில் தொங்கவிட்டு லைட்டரைக் கீழ்முனையில் பன்னிரண்டு விநாடி காட்டுங்கள். எடுத்ததும் அணைந்துவிட வேண்டும். இரண்டு விநாடிக்கு மேல் எரிந்தால், அல்லது சிவப்புக் கனல் மேலே ஏறினால், அந்தத் திரை இனி சாதாரணத் துணிதான். பாலியஸ்டர் என்றால் சுருங்கித் தீயைவிட்டு ஒதுங்கும். ஒதுங்கும்போது சொட்டு விழும், அது கீழே விழுந்தும் எரிகிறதா என்று பார்க்க வேண்டும்.

கடைக்காரர் சொல்லாதது ஒன்று. பாலியஸ்டர் எஃப்.ஆர். துணி காப்பாற்றுவதே அது உருகி விலகுவதால்தான். அதோடு சாதாரணப் பருத்தி லைனிங் தைத்தால், பருத்தி கரியாகி நின்று, உருகுவதை ஓட விடாமல் பிடித்துக்கொள்ளும். விளக்குத் திரி எண்ணெயைப் பிடிப்பதுபோல. பாலியஸ்டர் அங்கேயே நின்று எரியும். கனமான அச்சு, பருத்தி குஞ்சம், பருத்தி நூல் எல்லாம் இதே வேலைதான் செய்யும்.  தனித்தனியாகத் தேர்ச்சி பெற்ற இரண்டு துணிகளைச் சேர்த்துத் தைத்தால் தேறிவிட்டது என்று எடுத்துக்கொள்ள முடியாது. அதனால் நான் எஃப்.ஆர். திரைக்கு எஃப்.ஆர். லைனிங், பாலியஸ்டர் நூல் என்றுதான் தைப்பேன். வாடிக்கையாளர் பருத்தி லைனிங் கேட்டால் எழுதி வாங்கிக்கொள்வேன்.

செந்தூல் மாதவி

ஆக, மேல் வீட்டில் எஃப்.ஆர். திரை இருந்திருந்தால்?

பட்டர்வொர்த் பழைய தொப்பி

அந்த வீட்டில் அநேகமாக அதுவே போதும். விளக்குத் தீ சின்னது. திரை விளக்கைவிட்டு விலகியதும் அணைந்திருக்கும், சொட்டு மெத்தையில் எரிந்துகொண்டு விழுந்திருக்காது. தீ மெத்தைக்குப் போகிற பாலம் உடைந்திருக்கும். எஃப்.ஆர். திரையின் வேலை அவ்வளவுதான். மெத்தை ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தால் எந்தத் திரையும் எரியும். 'தீப்பிடிக்காது' என்று கடைக்காரர் சொன்னது பொய் என்று சொல்ல மாட்டேன், பாதி வாக்கியம்.

கெப்போங் இரண்டுபிள்ளை அம்மா

மன்னிக்கவும், ஒரு சந்தேகம். எஃப்.ஆர். மருந்துகளே விஷம் என்று படித்தேன். சிலவற்றை உலகம் முழுக்கத் தடை செய்தார்களாமே. பிள்ளைகள் மெத்தையில் முகத்தை வைத்துத் தூங்குகிறார்கள். தீ வருமோ வராதோ, மருந்து தினமும் வருமே.

பிறை நுரைக்காரன்

உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. பழைய நுரைகளிலும் சோபாத் துணிகளிலும் போட்ட புரோமின் வகைகள் சில 2009இலும், இன்னொன்று 2017இலும் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை என்ற பன்னாட்டு நச்சு இரசாயன ஒப்பந்தத்தின் தடைப்பட்டியலில் சேர்ந்தன. நுரையோடு வேதி முறையில் பிணையாத மருந்து தூசியாகக் கசியும். பிள்ளைகள் கையை வாயில் வைக்கிறார்கள், அதனால் அவர்களுக்கு அதிகம்.

தவிர, குளோரின், புரோமின் மருந்துகள் வேலை செய்வதே தீயின் வேதிவினையைத் தடுப்பதால்தான். அதாவது, பற்றவிடாமல் தாமதப்படுத்தும். ஆனால் பற்றிவிட்டால் எரிதல் அரைகுறையாகும், மோனாக்சைடும் சயனைடும் கூடும். இங்கிலாந்தில் 2018இல் வந்த ஒரு ஆய்வு, அங்கே சட்டப்படி மருந்திட்ட சோபா, தீ வளர்வதைக் குறைத்த அளவைவிட புகையின் நச்சுத்தன்மையை அதிகமாகக் கூட்டியது என்று சொன்னது. என் ஆலையில் இங்கிலாந்து ஆர்டருக்கு மெலமைன் பொடி சேர்த்து ஊற்றுகிறோம், அது சூட்டை உறிஞ்சிக் கரித்தோல் கட்ட உதவும். உள்ளூர்க் கடைக்கு இதுவரை யாரும் கேட்டதில்லை. என்னைக் கேட்டால் வீட்டு மெத்தைக்கு மருந்து வேண்டாம். மேலே தீத்தடுப்பு உறை ஒன்று போதும்.

பட்டர்வொர்த் பழைய தொப்பி

இதில் நான் சேர மாட்டேன். இங்கிலாந்தில் அந்தச் சட்டம் எதற்கு வந்தது? 1979இல் மான்செஸ்டர் வுல்வொர்த்ஸ் கடையில் அடுக்கிவைத்த நுரைச் சாமான்கள் எரிந்து 10 பேர் செத்தார்கள், 1988இல் சட்டம் வந்தது. அதற்குப் பிறகு அங்கே வீட்டுத் தீச் சாவுகள் குறைந்தன. பற்றாமலே போன தீயைக் கணக்கில் எடுக்க ஆய்வுக்கூடத்துக்குத் தெரியாது.

பிறை நுரைக்காரன்

அதே காலத்தில்தான் புகை உணர்கருவியும் வீடுகளுக்குள் வந்தது, சிகரெட்டும் குறைந்தது. எது எவ்வளவு என்று பிரிக்க முடியாது, ஐயா. அமெரிக்காவில் கலிபோர்னியா 2013இல் சோபா சோதனையையே மாற்றிவிட்டது. திறந்த தீக்குப் பதில் சிகரெட் கனல் சோதனை, மருந்தில்லாமலேயே தேறலாம். அங்கே ஒரு தலைகீழ் முடிவு, இங்கிலாந்தில் வேறு. நான் உங்களோடு சண்டைக்கு வரவில்லை, ஆனால் மாற மாட்டேன்.

பட்டர்வொர்த் பழைய தொப்பி

சரி, சண்டை வேண்டாம். மாடியில் தாத்தா விஷயத்தில் இருவரும் ஒத்துப்போவோம்: அறைக்கதவு மூடியிருந்தால் அவருக்கு அதிக நேரம் கிடைத்திருக்கும்.

மஸ்ஜித் இந்தியா 7

கதவு மூடினால் உள்ளே தூங்குகிறவர் என்ன ஆவார்?

பட்டர்வொர்த் பழைய தொப்பி

நல்ல கேள்வி. தீ அந்த அறையிலேயே பிடித்தால், உள்ளே இருப்பவருக்குக் கதவு உதவாது, பிறை சொன்ன 23 கன மீட்டர்தான் அவருக்கு. அதனால் படுக்கையறைக்குள்ளேயே ஒரு புகை உணர்கருவி வேண்டும். தீ வேறு அறையில் என்றால், மூடிய சாதா மரக்கதவுகூடப் புகையைப் பல நிமிடம் தடுத்து வைக்கும். விளக்கு எரிகிற அறையில் ஆளில்லையென்றால் அந்தக் கதவையும் சாத்தலாம், ஆனால் விளக்கை அணைத்துவிட்டுச் சாத்துவதே மேல். தீ பிடித்துவிட்டால் வெளியே வரும்போது பின்னால் கதவைச் சாத்திவிட்டு வந்து 999 அழையுங்கள்.

ரப்பர்தோட்டத்து ராஜா

எல்லாம் சரி, லேடெக்ஸில் சயனைடு குறைவு என்று பிறை அண்ணனே ஒத்துக்கொண்டார். நான் என் மெத்தையை மாற்றப் போவதில்லை.

செந்தூல் மாதவி

யாரும் மாற்றச் சொல்லவில்லை ராஜா! சரோஜா அக்கா, கடையில் போய்க் கேட்க வேண்டியதை ஒரு வரியில் சொல்லுங்களேன், சனிக்கிழமை போகிறேன். சாமி மேடை ஜன்னலுக்கு மட்டும்தான் எஃப்.ஆர். போடுவேன், மற்ற ஜன்னலுக்கு இருப்பதே போதும்.

ஊசிநூல் சரோஜா

ஒரு வரியில் வராது. துணி நூலிலேயே எஃப்.ஆர். உள்ளதா, மேலே தெளித்ததா என்று கேளுங்கள். பதில் தெரியாமல் முழித்தால் அடுத்த கடைக்குப் போங்கள். சோதனை அறிக்கை கேளுங்கள், அதில் உள்ள துணியின் பெயரும் நிறமும் சுருளில் உள்ளதும் ஒன்றா என்று பாருங்கள். மாதிரியில் எஃப்.ஆர். காட்டி, வெட்டும்போது பக்கத்துச் சுருளிலிருந்து வெட்டுகிறவர்கள் உண்டு. அரை அடி கூடுதலாக வெட்டச் சொல்லி வீட்டில் எரித்துப் பாருங்கள். திரை விளக்கின் மட்டத்துக்கு மேலேயே முடியும்படி தைக்கச் சொல்லுங்கள், நீளமாக விட வேண்டியதில்லை. துணியோடு வந்தால் நானே தைத்துத் தருவேன், லைனிங்குக்கு மட்டும் தனிக்காசு.